துபாய்ச் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?
இரண்டு நாட்டு விலைவாசியை ஒப்பிட ஒரு கணக்கு

கொழிஞ்சாம்பாறையிலோ வண்டிப்பெரியாறிலோ ஒரு வீட்டுக்குத் துபாய் வேலை வந்துவிட்டால் அங்கே முதலில் நடப்பது ஒரு பெருக்கல். சம்பளம் 2,400 திர்ஹாம். ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைக்கிறோம். ஆக 55,200 ரூபாய். இங்கே வாங்குவது 24,000. இரண்டு மடங்குக்கு மேல் என்று ஆனவுடன் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

பெருக்கலில் பிழை இல்லை. அதைப் போட்ட நேரம்தான் தவறு. மாற்று விகிதத்தால் பெருக்க வேண்டியது மொத்தச் சம்பளத்தை அல்ல. அங்கே வாடகை கொடுத்து, சாப்பிட்டு, வேலைக்குப் போய்வந்த பிறகு ஊருக்கு அனுப்ப மிஞ்சும் தொகையை மட்டும்தான். இந்த அத்தியாயத்தில் அந்தப் பெருக்கல் ஏறக்குறையக் கடைசியில் வரும்.

எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கம்பம், போடிப் பக்கத்திலிருந்து விடியற்காலை ஜீப் ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வருகிறவர்கள் கேரளக் கூலியை வாங்கித் தமிழ்நாட்டு விலையில் குடும்பம் நடத்துகிறார்கள். மாலையில் திரும்பிப் போவதால்தான் அந்தக் கூலிக்கு அவ்வளவு மதிப்பு. அதே ஆள் கட்டப்பனையில் அறை எடுத்து, கடையில் சாப்பிட்டு வேலை செய்தால் லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். துபாய்க்குப் போகிறவர் மாலையில் திரும்ப முடியாது. அவருடைய சம்பளம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி துபாய் விலையில் செலவாகிறது, மறுபகுதி பாலக்காட்டு விலையில் செலவாகிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்ப்பதுதான் இங்கே செய்யப்போகும் வேலை.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறேன். கொழிஞ்சாம்பாறையில் சொந்த வீடு; கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை; வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. இதில் வரும் மாற்று விகிதம், வாடகை, சாப்பாடு, வீட்டுச் செலவுத் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. அவற்றுக்குப் பதில் உங்கள் தொகைகளைப் போட வேண்டும்.

படி 1: இங்கே உண்மையில் எவ்வளவு சேர்கிறது?

கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் எழுதாதீர்கள். பி.எஃப். பிடித்தம் உங்கள் பணம்தான். முதலாளி போடும் பங்கும் உங்களுடையதே. வேலையை விட்டுப் போனால் அந்த வரவு நின்றுவிடும். அதனால் அது 'இங்கே' என்ற பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

நம் எலக்ட்ரீஷியனுக்கு அடிப்படைச் சம்பளம் 15,000. பி.எஃப். 12 சதவீதம் என்றால் அவருடைய பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800. பிடித்தம் போகக் கைக்கு 24,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு இப்படி:

- ஐந்து பேர் சாப்பாடு, பால், மளிகை: 9,500
- பைக்குக்குப் பெட்ரோல்: 2,200
- பள்ளி, கரண்ட், கேஸ், போன், சில்லறை: 5,000
- அம்மாவுக்கு மருந்து: 1,500

மொத்தம் 18,200. கையில் மிஞ்சுவது 5,800. பி.எஃப். இரண்டு பங்கும் சேர்த்தால் 3,600. ஆக அவருடைய உண்மையான மாதச் சேமிப்பு 9,400 ரூபாய். துபாய் வேலை தோற்கடிக்க வேண்டியது 24,000 என்ற எண்ணை அல்ல, இந்த 9,400-ஐ. நோட்டில் இதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

குறிப்பு: ஒரு மாதச் செலவைப் பார்த்து எழுதினால் தப்பாகிவிடும். ஓணம், பொங்கல், பள்ளி திறக்கும் ஜூன் மாதம், வீட்டு வரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஓர் ஆண்டுக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள்.

படி 2: ஆஃபர் லெட்டரைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

ஏஜென்ட் வாயால் சொல்லும் சம்பளம் ஒரே எண்ணாக இருக்கும். தாளில் அது மூன்று நான்காகப் பிரிந்திருக்கும். இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

1. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு?
2. தங்குமிடம் கம்பெனி தருகிறதா, அதற்குப் பணம் தருகிறதா, இரண்டும் இல்லையா?
3. வேலைக்குப் போக வண்டி உண்டா?
4. சாப்பாடு உண்டா? கேம்ப்பில் நாமே சமைக்க அடுப்பு உண்டா?

அடிப்படைச் சம்பளம் ஏன் முக்கியம்? ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி வேலையை முடித்துத் திரும்பும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அதை வைத்துத்தான் கணக்காகிறது. ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்குமேல் வரும் ஆண்டுகளுக்கு 30 நாள். 2,000 திர்ஹாம் சம்பளத்தில் அடிப்படை 800 என்று போட்டிருந்தால் கிராஜுவிட்டி 800-க்குத்தான். ஓவர்டைம் கூடுதலும் அடிப்படையை ஒட்டியே வருகிறது. மொத்தம் ஒன்றுபோல இருக்கும் இரண்டு வேலைகளில் அடிப்படை அதிகமுள்ளதே நல்லது.

இப்போது நம் எலக்ட்ரீஷியன் கையில் இரண்டு ஆஃபர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 2,400 திர்ஹாம்; எல்லாம் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது 1,700 திர்ஹாம், அடிப்படை 1,100, அறையும் வண்டியும் கம்பெனி பொறுப்பு. பார்த்தவுடன் முதலாவதைத்தான் யாரும் எடுப்பார்கள்.

படி 3: அங்கே வாடகை

தனியாகப் போகிற தொழிலாளி துபாயில் வீடு எடுப்பதில்லை, கட்டில் எடுக்கிறார். பெட் ஸ்பேஸ் என்பது ஓர் அறையில் ஒரு கட்டில். அறைக்குள் பலகை அடித்துப் பிரித்தால் அது பார்ட்டிஷன். தேரா, பர் துபாய், சத்வா, குசைஸ் என்று பகுதிக்குப் பகுதி விலை மாறும். ஒரே கட்டடத்தில்கூட நான்கு கட்டில் அறைக்கும் எட்டுக் கட்டில் அறைக்கும் வித்தியாசம் உண்டு. உதாரணத்துக்கு 750 திர்ஹாம் வைத்துக்கொள்வோம்.

கேட்க வேண்டியவை:

- ஏசி, தண்ணீர், கரண்ட், இன்டர்நெட் வாடகைக்குள் அடங்குமா? கோடையில் ஏசி நாள் முழுக்க ஓடும். பில்லைப் பங்கு போடுவார்கள் என்றால் ஜூலை மாத பில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். ஜனவரி பில்லைக் காட்டினால் ஏற்காதீர்கள்.
- ஓர் அறையில் எத்தனை பேர், ஒரு குளியலறைக்கு எத்தனை பேர்?
- முன்பணம் எவ்வளவு, திரும்ப வருமா?
- உங்கள் பெயர் அந்த வீட்டில் முறையாகப் பதிவாகுமா?

கடைசிக் கேள்வி பாதுகாப்புக்கானது. 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி அல் ரிக்கா, அல் முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில் அனுமதியில்லாத பார்ட்டிஷன்களை அகற்றும் நடவடிக்கையில் இறங்கியது. தீப்பிடித்தால் வெளியேற வழியில்லாத அறைகள் என்பதுதான் காரணம். அப்படிப்பட்ட அறையில் இருப்பவர் ஒரே நாளில் வேறு இடம் தேட நேரிடும். ஆகவே கேள்விப்பட்டதில் மிக மலிவான வாடகையைக் கணக்கில் போடாதீர்கள். நான்கைந்து பேரிடம் கேட்டு, நடுவில் வரும் தொகையைப் போடுங்கள்.

படி 4: சாப்பாடு

பெரும்பாலோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இணையத்தில் அரிசி விலை, பால் விலை பார்த்து, 'அவ்வளவு வித்தியாசம் இல்லையே' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஊரில் உங்கள் சாப்பாட்டின் விலை அரிசி விலை அல்ல. ஐந்து பேருக்கு வைக்கும் சோற்றில் ஒரு பங்குதான் உங்களுடையது. சமைக்கும் உழைப்பு மனைவியுடையதும் அம்மாவுடையதும். அதற்குக் கூலி கொடுப்பதில்லை. முருங்கைக்காயும் தேங்காயும் தோட்டத்திலிருந்து வந்திருக்கும். சனிக்கிழமை பொள்ளாச்சிக்குப் போனபோது மூட்டையாக வாங்கிய வெங்காயமாக இருக்கும். இதெல்லாம் சேர்ந்துதான் நம் எலக்ட்ரீஷியனின் பங்குச் சாப்பாடு மாதம் 2,200 ரூபாயில் நிற்கிறது.

துபாயில் ஷிப்ட் வேலை செய்கிறவருக்குக் கிடைப்பது மெஸ் சாப்பாடு. மாதப் பணம் கட்டினால் மதியமும் இரவும் டப்பா வரும். காலைப் பலகாரம், டீ, வெள்ளிக்கிழமைப் பிரியாணி, பழம் எல்லாம் தனி. மெஸ் 400, மற்றவை 150, மொத்தம் 550 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் சேர்ந்து முறை வைத்துச் சமைத்தால் இது குறையும். ஆனால் பன்னிரண்டு மணிநேரம் வெளியே இருந்துவிட்டு வந்து சமைக்க முடியுமா என்பதை நேர்மையாக யோசித்து எழுதுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு மெஸ் செலவையே போடுவது நல்லது.

படி 5: போக்குவரத்து

துபாய் மெட்ரோ, பஸ் இரண்டுக்கும் நோல் கார்டு போதும். சாதாரண வெள்ளி நோல் கார்டில் ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹாம், அடுத்த மண்டலம் வரை 5, அதற்கு மேல் போனால் 7.5. முப்பது நாள் பாஸ் இதே வரிசையில் 140, 230, 350. தூரமாகப் போகிறவர் மாதம் 26 நாள் போய்வந்தால் சில்லறையாக 390 ஆகும். ஆகவே பாஸ் எடுக்கலாம்.

வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் தங்கத் தோன்றும். தங்குவதற்கு முன் ஒரு கழித்தல் போட வேண்டும். ஷார்ஜா–துபாய் பஸ்ஸுக்கு ஒரு வழிக்கு 12 திர்ஹாம் என்றால் 26 நாளுக்கு 624. துபாய் முழுவதுக்குமான பாஸோடு ஒப்பிட்டால் 274 திர்ஹாம் அதிகம். ஷார்ஜாவில் கட்டில் வாடகை அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால்தான் லாபம். அதற்கு மேல் சாலை நெரிசலில் போகும் நேரம் இருக்கிறது. ஓவர்டைம் கிடைக்கிற வேலை என்றால் அந்த நேரமும் பணம்.

கொழிஞ்சாம்பாறையில் 10 ரூபாய் மினிமம் பஸ் கட்டணத்தோடு இதை நேருக்கு நேர் வைக்க வேண்டாம். ஊரில் பைக்குக்கு ஆகும் பெட்ரோல், அதிலும் வேலைக்காக ஓடும் பெட்ரோல் மட்டுமே ஒப்பிடத் தகுந்தது.

படி 6: நீங்கள் போன பிறகு வீட்டுக்கு என்ன ஆகும்?

ஒருவர் போனால் வீட்டுச் செலவு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைப்பது தவறு. கரண்ட் பில் குறையாது, பள்ளிக் கட்டணம் குறையாது. நம் உதாரணத்தில் அவருடைய சாப்பாடு 2,200, பெட்ரோல் 2,000, போன், முடிவெட்டு 400, ஆக 4,600 குறைகிறது. பதிலுக்குப் புதிய செலவு வருகிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ, அவர் செய்துவந்த சின்ன ரிப்பேருக்கு ஆள்கூலி, தினமும் வீடியோ காலுக்கு டேட்டா என்று 1,200 போடுவோம். வீட்டுச் செலவு 18,200-லிருந்து 14,800-க்குத்தான் இறங்குகிறது.

இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து போகிறவர்கள் இந்தப் படியில் நிதானமாக இருக்க வேண்டும். மூணாறு, பீர்மேடு பக்கம் லயத்தில் இருப்பவருக்கு வாடகை இல்லை. ஆனால் லயம் வேலையோடு சேர்ந்தது. சட்டப்படி தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்குத் தரும் வீடு அது. குடும்பத்தில் வேறு யாரும் நிரந்தரத் தொழிலாளியாக இல்லாமல், இருக்கும் ஒரே ஆள் வேலையை ராஜினாமா செய்தால், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அந்தக் குடும்பத்தின் கணக்கில் வாடகை பூஜ்யமாக இருந்தது, போன பிறகு மூணாறிலோ வண்டிப்பெரியாறிலோ ஒரு வீட்டு வாடகையாக மாறும். தோட்ட ஆஸ்பத்திரியும் கைவிட்டுப் போகும். மனைவியோ அப்பாவோ நிரந்தர வேலையில் இருக்கிறாரா, இன்னும் எத்தனை ஆண்டு சர்வீஸ் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, தோட்ட அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகுதான் அடுத்த வரியை எழுத வேண்டும்.

ரேஷன் கார்டும் இந்தப் படியில்தான் வருகிறது. கேரளத்தில் முன்னுரிமைப் பிரிவான பிங்க் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடைக்கிறது. குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 25,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் பிரிவில் இருக்க முடியாது. வெளிநாட்டில் இருப்பவரின் வருமானமும் அதில் சேரும். ஐந்து பேர் வீட்டில் 25 கிலோ அரிசி, கோதுமையை வெளியில் வாங்கினால் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். சொல்லாமல் வைத்திருந்தால் பின்னால் அபராதம் வரும். பிங்க் கார்டுக்காரர்கள் இந்த ஆயிரத்தை வீட்டுச் செலவில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

படி 7: இப்போது பெருக்குங்கள்

முதல் ஆஃபர், 2,400 திர்ஹாம். கட்டில் 750, சாப்பாடு 550, பாஸ் 350, போன், சோப்பு, துணி, முடிவெட்டு 150, பணம் அனுப்பும் கட்டணம் 20, கைச்செலவுக்கு 80. மொத்தம் 1,900. மிஞ்சுவது 500 திர்ஹாம், அதாவது 11,500 ரூபாய். வீட்டுக்குத் தேவை 14,800. மாதம் 3,300 ரூபாய் துண்டு விழுகிறது.

55,200 ரூபாய்ச் சம்பளத்தில் கடன் வாங்கிக் குடும்பம் நடத்த வேண்டி வருகிறது. இதை ஒருமுறை நிதானமாகத் திரும்பக் கூட்டிப் பாருங்கள். கிராஜுவிட்டியைச் சேர்த்தாலும் இந்தத் துண்டு மூடாது.

இரண்டாவது ஆஃபர், 1,700 திர்ஹாம், அறையும் வண்டியும் உண்டு. செலவு 800 மட்டுமே. மிஞ்சுவது 900 திர்ஹாம், 20,700 ரூபாய். வீட்டுச் செலவு போக 5,900. கிராஜுவிட்டி ஆண்டுக்கு 770 திர்ஹாம். மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 1,475 ரூபாய். ஆக 7,375. எழுநூறு திர்ஹாம் குறைந்த இந்த வேலை முதலாவதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் வட்டம் போட்டு வைத்த 9,400-ஐ இது எட்டவில்லை.

அப்படியானால் எவ்வளவு கிடைத்தால் போகலாம்? பின்பக்கமாகக் கணக்குப் போடுங்கள்.

1. வீட்டுச் செலவு 14,800, இப்போதைய சேமிப்பு 9,400. கூட்டினால் 24,200.
2. கிராஜுவிட்டி 1,475-ஐக் கழித்தால் 22,725 ரூபாய். 23-ஆல் வகுத்தால் 988 திர்ஹாம்.
3. அங்கே செலவு 800-ஐக் கூட்டினால் 1,788.
4. போவதற்கான ஒருமுறைச் செலவு 50,400 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தின் 24 மாதத்துக்குப் பிரித்தால் 2,100 ரூபாய், 91 திர்ஹாம். மொத்தம் ஏறக்குறைய 1,880.

அறையும் வண்டியும் தரும் வேலையில் 1,880 திர்ஹாம் கிடைத்தால் நம் எலக்ட்ரீஷியன் இப்போது இருக்கும் அதே நிலையில் இருப்பார். குடும்பத்தைப் பிரிந்து போவதற்கு மாதம் 10,000 ரூபாயாவது கூடுதலாக மிஞ்ச வேண்டும் என்று நினைத்தால் 2,315 வேண்டும். அறையும் வண்டியும் இல்லாத வேலையில் இன்னும் 1,100 சேர்த்து 3,415 வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் ஏஜென்டிடம் பேசும்போது எது சரியான சம்பளம் என்று தடுமாற வேண்டியதில்லை.

குறிப்பு: ஒருமுறைச் செலவை வட்டிக்கு வாங்குகிறவர்கள் வட்டியையும் சேர்த்து 24-ஆல் வகுக்க வேண்டும். லீவுக்கு ஊருக்கு வரும் டிக்கெட்டைக் கம்பெனி தராவிட்டால் அதுவும், வரும்போது வாங்கிவரும் சாமானும் இதே வரியில் சேரும்.

வாங்கும் திறன்: உங்கள் சொந்தத் திர்ஹாம் விலையைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நாட்டுப் பணம் அந்த நாட்டில் எவ்வளவு வாங்கும் என்பதுதான் வாங்கும் திறன். உலக வங்கி நாடுகளுக்கிடையே இதற்கென்றே ஒப்பீடு நடத்துகிறது. அது ஒரு நாடு முழுவதற்குமான சராசரி. இணையத்தில் நகரங்களை ஒப்பிடும் தளங்களும் உண்டு. நம்பியோ போன்ற தளங்கள் நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அளக்கின்றன. அதில் விலையைப் பதிவிடுகிறவர்கள் அந்தத் தளத்தைப் பயன்படுத்துகிறவர்கள்தான். கட்டில் வாடகையில் இருக்கும் எலக்ட்ரீஷியனின் செலவு அதில் தெரியாது. சித்தூர் தாலுகாவின் விலையும் தெரியாது. ஆகவே சொந்தப் பட்டியல் போடுவதே சரி.

1. நீங்கள் மாதந்தோறும் உண்மையில் வாங்கும் பத்துப் பொருள், சேவைகளை எழுதுங்கள். ஒரு கிலோ அரிசி, ஒரு லிட்டர் பால், முப்பது முட்டை, கடையில் ஒரு டீ, இரண்டு பரோட்டா, முடிவெட்டு என்று.
2. ஊர்க்கடை விலையை ரூபாயில் எழுதுங்கள்.
3. துபாயில் இருக்கும் உறவினரிடம் ஒரு மளிகை பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'ஏறக்குறைய இவ்வளவு' என்று நினைவிலிருந்து சொல்வதை எழுதாதீர்கள். பில்லில் 5 சதவீத வாட் சேர்ந்திருக்கும். 2018 முதல் அங்கே அது உண்டு.
4. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வாங்கும் அளவால் பெருக்கி, இரண்டு பக்கமும் மொத்தம் போடுங்கள்.
5. ரூபாய் மொத்தத்தைத் திர்ஹாம் மொத்தத்தால் வகுங்கள்.

பால் இங்கே 56 ரூபாய், அங்கே 6 திர்ஹாம் என்றால், பால் விஷயத்தில் ஒரு திர்ஹாம் ஒன்பது ரூபாய்ச் சொச்சம் வேலைதான் செய்கிறது. எக்ஸ்சேஞ்சில் 23 ரூபாய் தந்தாலும், கடையில் அது ஒன்பது ரூபாயாகச் சுருங்குகிறது. நம் எலக்ட்ரீஷியனுக்கு இன்னும் மோசம். ஊரில் 4,600 ரூபாயில் நடந்த அவருடைய தனிப்பட்ட வாழ்க்கை அங்கே 1,900 திர்ஹாமில் நடக்கிறது. அவர் அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு திர்ஹாமும் ஊரின் இரண்டரை ரூபாய்க்குத்தான் சமம். சொந்த வீட்டையும் வீட்டுச் சமையலையும் விட்டுப் போவதன் விலை அது. அதே திர்ஹாமை ஊருக்கு அனுப்பினால் முழு 23 ரூபாய். தங்குமிடம் தரும் வேலை ஏன் இவ்வளவு உயர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மாற்று விகிதம் ஏறும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம். திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அது ரூபாய்க்கு எதிராக ஏறுவதும் இறங்குவதும் டாலரைப் பொறுத்தது. ரூபாய் மதிப்பு இறங்கும் காலத்தில் ஊரில் விலைவாசியும் ஏறும், அனுப்பும் பணத்தின் கூடுதல் அதிலேயே போய்விடலாம். அன்றைய விகிதத்தைவிட ஒரு ரூபாய் குறைத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போதும் லாபம் வந்தால் நம்பலாம். பணம் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், '900 திர்ஹாம் கட்டினால் வங்கியில் எத்தனை ரூபாய் ஏறும்?' என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். இருபது பைசா வித்தியாசம் 180 ரூபாய்.

குடும்பத்தோடு போவதாக இருந்தால்

கணக்கு தலைகீழாகிவிடும். ஊருக்கு அனுப்பும் பகுதி சுருங்கும். அங்கே ஒன்பது, பத்து ரூபாய் மதிப்பில் செலவாகும் பகுதி பெருகும். குடும்ப விசாவுக்கு 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000-உம் தங்குமிடமும் என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே, அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தலாம் என்று அர்த்தமில்லை.

துபாயில் வீட்டு வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்படும், ஒன்று முதல் சில செக்குகளாகக் கொடுக்க வேண்டும். நுழையும் நாளிலேயே போகும் பணத்தைத் தனியாக எழுதுங்கள். முதல் செக், சாமான் இல்லாத வீட்டுக்கு வழக்கமாக ஆண்டு வாடகையில் 5 சதவீதம் டெபாசிட், புரோக்கருக்கு வழக்கமாக 5 சதவீதம், அடுக்குமாடி வீட்டுக்குக் கரண்ட்–தண்ணீர் இணைப்பு டெபாசிட் 2,000 திர்ஹாம். ஆண்டு வாடகை 48,000, நான்கு செக் என்றால் முதல் செக் 12,000, டெபாசிட் 2,400, புரோக்கர் 2,400, இணைப்பு 2,000. கட்டிலும் மெத்தையும் வாங்கும் முன்பே 18,800 திர்ஹாம். இதோடு மாத கரண்ட் பில்லில் வீட்டு வாடகையின் 5 சதவீதம் மாநகராட்சிக் கட்டணமாகப் பிரித்துச் சேர்க்கப்படும், 48,000-க்கு அது மாதம் 200. பள்ளிக் கட்டணமும் பள்ளி பஸ்ஸும் இதற்கு மேல். முதல் ஆண்டு தனியாகப் போய், அங்குள்ள செலவைக் கண்ணால் பார்த்த பிறகு குடும்பத்தை அழைப்பது நல்லது என்பது என் கருத்து.

கையெழுத்துக்கு முன் பாதுகாப்பு

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், தாளில் இருக்கும் வேலையும் அங்கே கிடைக்கும் வேலையும் வேறாக இருந்தால் பயனில்லை. இதை வரிசையாகச் செய்யுங்கள்.

1. ஏஜென்டின் பதிவை emigrate.gov.in தளத்தில் சரிபாருங்கள். அங்கே பெயர் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். கேரள முகவரிக்காரர்கள் நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.
2. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதாவது 35,400. ரசீது தராமலோ அதற்கு மேலோ கேட்பவரிடம் பேச்சை நிறுத்துங்கள். அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது என்பதையும் நினைவில் வையுங்கள்.
3. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். வகை. அவர்கள் அமீரக வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். விசிட் விசாவில் போனால் இது தேவைப்படாது என்று சொல்லி அனுப்புவார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம்; சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கும் பிடியும் போய்விடும்.
4. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரைக் கேளுங்கள். கம்பெனி லெட்டர்பேடில் அடித்த தாள் அதற்கு ஈடாகாது. பின்னால் போடும் ஒப்பந்தம் அந்த ஆஃபரில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. தங்குமிடம், வண்டி இரண்டும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படி 2-இல் எழுதிய நான்கு பதில்களோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.
5. எல்லாத் தாளின் நகலும் மனைவியின் போனில் ஒன்று, வீட்டு அலமாரியில் ஒன்று இருக்கட்டும். அங்கே போன பிறகு சிக்கல் வந்தால் துபாயில் இந்தியத் தொழிலாளர்களுக்கான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரம் இருக்கிறது. புகார் கொடுக்கும்போது முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.
6. முதல் சம்பளம் கைக்கு வரும்வரை செலவுக்குப் பணம் வேண்டும். வேலையில் சேர்ந்த தேதியையும் சம்பளத் தேதியையும் பொறுத்து 45 நாள்கூட ஆகலாம். உதாரணத்தின்படி அறை கிடைக்கும் வேலைக்கு 1,200 திர்ஹாம், கிடைக்காத வேலைக்கு 2,850 திர்ஹாமும் கட்டிலுக்கான முன்பணமும். அதே நாட்களுக்கு வீட்டுச் செலவு 22,200 ரூபாய். இரண்டையும் சேர்த்து வைத்த பிறகு டிக்கெட் போடுங்கள்.